சிங்க்குக்குக் கீழே ஒரு குழாய்

அந்த டிஷ்வாஷர் வீட்டுக்குள் வந்த நாளிலேயே எனக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. ஜூலையில், மேடத்தின் பிறந்தநாளுக்கு சார் வாங்கிக் கொடுத்தது. இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து சிங்க்குக்குப் பக்கத்தில் சொருகிவிட்டுப் போனார்கள். மேடம் அதன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் 'டக்'கென்று சத்தம் வந்தது, ஒவ்வொரு முறையும் சிரித்தார். நான் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் கழுவிய கை.

என் பெயர் மாபுலா. அந்த வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவுசி என்பார்கள். எங்கள் பாஷையில் அவுசி என்றால் அக்கா. கூடப் பிறந்தவளும் அவுசிதான், வீட்டு வேலைக்கு வருகிறவளும் அவுசிதான், அதனால் வேலைக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே ஒன்பது வருஷம் ஓட்டிவிடலாம். ரெஃபில்வே மேடம் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் எனக்கு ஒரு கோப்பை டீ போட்டு எதிரில் உட்காரச் சொன்னார். எஜமானி டீ போட்டுக் கொடுக்கிறாள் என்றாலே ஏதோ கெட்ட சேதி வருகிறது என்று அர்த்தம்.

"அவுசி, மெஷின் வந்தாச்சு. இனிமே உங்களுக்கும் அவ்வளவு கஷ்டம் இல்ல. அக்டோபர்ல இருந்து திங்களும் வியாழனும் வந்தாப் போதும்னு நினைக்கிறோம்."

"சரி மேடம்."

"ரெண்டு நாளுக்கு ரூம்ல தங்கணும்னு இல்லைல? அந்த ரூமை சாருக்கு ஆபீஸா மாத்தலாம்னு இருக்கோம். செப்டம்பர் கடைசி வரைக்கும் இருங்க. அவசரமே இல்ல."

"சரி மேடம்."

இரண்டு முறை சரி சொன்னேன். மூன்றாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. என் மகள் மோசிமா என்னோடு அந்தப் பின்னறையில் இருக்கிறாள், பன்னிரண்டாம் வகுப்பு, அக்டோபர் கடைசியில் பரீட்சை ஆரம்பித்து நவம்பர் கடைசி வரை நடக்கும், பள்ளிக்கூடம் இங்கிருந்து இருபது நிமிஷ நடை, டெம்பிசாவில் என் தங்கையின் தகரக் கொட்டகையில் இருந்து என்றால் விடிவதற்கு முன்னால் கிளம்பி இரண்டு ஷேர் டாக்சி மாறி வர வேண்டும், அங்கே ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். அதனால் நவம்பர் வரை மட்டும் அறையை விட்டுவையுங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கேட்டு 'முடியாது' என்று வந்துவிட்டால்? கேட்காத வரைக்கும் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே என்று ஒரு அசட்டுத் தைரியம். நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருக்கிறது இப்போது.

செப்டம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமை தண்ணீர் நிற்கும் என்று தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இது ஒன்றும் புதிதில்லை. எந்த வீட்டிலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். வாளிகளை நிரப்பினேன், குளியல் தொட்டியை நிரப்பினேன், பிறகு மெஷின்களின் குழாய்களை மூடினேன். நின்ற தண்ணீர் திரும்பி வரும்போது குழாயில் இருக்கிற துருவையும் மண்ணையும் அடித்துக்கொண்டு டீ நிறத்தில் வரும். அது மெஷினுக்குள் போனால் சல்லடை அடைத்துக்கொள்ளும். துணி மெஷின் குழாய் வெளியே சுவரில் இருக்கிறது. டிஷ்வாஷர் குழாய் சிங்க்குக்குக் கீழே, குப்பைக்கூடைக்கும் சோப்பு பாட்டில்களுக்கும் பின்னால், கட்டைவிரல் பருமனில். முழங்கால் போட்டு உள்ளே தலையை விட்டு அதைத் திருகி மூடினேன். எனக்குப் பிடிக்காத மெஷின்தான். இருந்தாலும் மூடினேன். ஒரு பொருள் கெட்டுப்போவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் வந்தது. தோட்டத்துக் குழாயைத் திறந்து தெளிகிற வரை ஓடவிட்டேன். துணி மெஷின் குழாயைத் திறந்தேன். சமையலறைக்குள் நுழையும்போது அவர்களுடைய நாலு வயது மகள் ஒராட்டிலே படியில் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். ரத்தம், அலறல், ஐஸ் கட்டி. சிங்க்குக்குக் கீழே இருந்த குழாய் என் நினைவிலிருந்து போயே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலையிலேயே சர்ச்சுக்குப் போய்விட்டேன். அன்று அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள். சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் மேடம் மெஷினில் அடுக்கிப் போட்டிருக்கிறார். மெஷின் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்று 'பீப் பீப்' என்று கத்தியிருக்கிறது. மெஷினின் முன்பலகையில் குழாய்ப் படம் ஒன்று சிவப்பாக எரிந்திருக்கிறது. மேடம் அதைப் படம் பிடித்துக் கடைக்கு அனுப்பினார். பிறகு கோபத்தில் இருக்கிற பொத்தானை எல்லாம் மாறி மாறி அழுத்திப் பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு மெஷின் எதை அழுத்தினாலும் அசையவில்லை. இதையெல்லாம் திங்கட்கிழமை காலை அவரே சொன்னார்.

"செத்துப்போச்சு அவுசி. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல. சிங்க்ல தண்ணி அப்படிக் கொட்டுது, இது குழாயைக் காட்டுது. பைத்தியம்!"

"கடைக்காரங்க என்ன சொல்றாங்க மேடம்?"

"ஆள் அனுப்புறாங்களாம். அடுத்த செவ்வாய்தான். பாகம் கீகம் மாத்தணும்னா ரெண்டு மாசம் ஆகுமாம். எதிர்வீட்டுக்காரிக்கு அப்படித்தான் ஆச்சு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார். "அது சரியாகிற வரைக்கும் நீங்க எப்பவும்போல ஆறு நாளும் வந்துடுங்க. ரூமை இப்போ காலி பண்ண வேண்டாம்."

கார் போன பிறகு, நாறிப்போன தட்டுகளை மெஷினிலிருந்து எடுத்துக் கழுவினேன். குப்பைக்கூடையை எடுக்கக் குனிந்தபோது குழாய் தெரிந்தது. மூடியபடியே இருந்தது. அப்போதுதான் புரிந்தது. கை தானாக உள்ளே போய்க் குழாயைத் தொட்டுவிட்டது. இரண்டு திருகு திருகினால் போதும்.

கையை வெளியே எடுத்துக்கொண்டேன். ரெண்டு மாசம் ஆகும் என்று அவர் சொன்னது காதில் இருந்தது. செப்டம்பர் பாதி, அக்டோபர், நவம்பர் பாதி. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சோப்பு பாட்டில்களைக் குழாய்க்கு முன்னால் நெருக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இதுவரை நான் செய்தது மறதி. யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள். அந்தக் கதவைச் சாத்தியதிலிருந்து அது வேறொன்றாகிவிட்டது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை லெசெகோ சாருக்கு வீரம் வந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அழுகை வரும். சோதித்துப் பார்க்கிறேன் என்று, நான் கூழ் கிண்டி ஊறப்போட்டிருந்த பெரிய சட்டியைத் தூக்கிக் கீழ்த்தட்டில் வைத்தார். சட்டியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடை முழுசாக உள்ளே போகவில்லை. கதவை மூடினார், 'டக்' வரவில்லை. மறுபடி அடித்து மூடினார். கதவு திரும்பி வந்து அவர் முழங்காலில் இடித்தது.

"ஆ! பாத்தீங்களா அவுசி? லாக் உடைஞ்சிருக்கு. அதான் விஷயம்! கதவு சரியா மூடலன்னா மெஷின் ஸ்டார்ட் ஆகாது. நான் அன்னிக்கே சொன்னேன்."

"அப்படியா சார்?"

"வெளிநாட்டுல இருந்து வரணும் இந்த லாக். ஆறு வாரம், எழுதி வெச்சுக்கோங்க."

கைப்பிடி இடிக்கிறது சார் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ராத்திரி மேடம் வந்து பார்த்துவிட்டு, "யாரும் எதையும் தொடாதீங்க. அந்த ஆள் வந்து இருக்கிறபடியே பார்க்கட்டும்," என்றார். சட்டி உள்ளேயே கிடந்தது.

அந்த வாரம் முழுக்க மோசிமா மேசை விளக்கில் படித்தாள். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"அம்மா, டிஷ்வாஷர் என்னாச்சு?"

"கெட்டுப்போச்சு."

"அது கெட்டது நமக்கு நல்லதுதான்ல?"

"வாயை மூடிட்டுப் படிடீ."

"ஏன் எரிஞ்சு விழுற? நான் என்ன தப்பா கேட்டேன்?"

ஒன்றும் தப்பில்லை. அவளுக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண் வந்தால் நர்ஸிங் படிப்புக்கு இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதற்கு இரவில் ஒரு மேசை வேண்டும், ஒரு விளக்கு வேண்டும், யாரும் அழாத ஒரு அறை வேண்டும். டெம்பிசாவில் என் தங்கைக்குக் கைக்குழந்தை.

திங்கட்கிழமை வந்தது. நாளைக்கு ரிப்பேர்காரன் வருவான். அவன் முதலில் பார்ப்பது குழாயாகத்தான் இருக்கும், அது எனக்கே தெரிகிறபோது அவனுக்குத் தெரியாதா? குழாய் மூடியிருக்கே, யார் மூடினது என்று கேட்பான். இப்போது உட்கார்ந்து யோசித்தால் அதற்குப் பதில் எவ்வளவு எளிது! 'ஐயோ மேடம், தண்ணி நின்னப்போ நான்தான் மூடினேன், திறக்க மறந்துட்டேன்.' அவ்வளவுதான். இந்த ஊரில் பாதி வீட்டில் நடப்பது. ரிப்பேர்காரனே வாரத்துக்கு நாலு பார்த்திருப்பான். மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். ஆனால் மனசில் கள்ளம் இருக்கிறவளுக்கு உண்மைகூடக் குற்றமாகத்தான் தெரியும். அந்த உண்மையைச் சொன்னாலே மிச்சமும் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் சமையலறைக்குப் போனேன். முழங்கால் போட்டுச் சோப்பு பாட்டில்களை ஒதுக்கிக் குழாயைத் திறந்தேன். எழுந்து நின்றபோது பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி அந்த ஆள் எதைக் கண்டுபிடித்தாலும் அது என்னைச் சேராது என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வந்தான். பெயர் ஃபராய், ஜிம்பாப்வேக்காரன், முப்பது வயதிருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். மேடமும் சாரும் அவன் வருகிறான் என்று வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். சார் லாக்கைப் பற்றி விளக்கினார். அவன் கேட்டுக்கொண்டே மெஷின் கதவைத் திறந்தான். ஆறு நாள் ஊறிய சட்டியின் நாற்றம் சமையலறை முழுக்கப் பரவியது.

"சார், இந்தச் சட்டி எப்பவும் இங்கதான் வைப்பீங்களா?"

"ஏன்?"

அவன் சட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தான். கதவின் விளிம்பில் இருந்த கொக்கியை விரலால் அழுத்திப் பார்த்தான், துணியால் துடைத்தான். கூடையை உள்ளே தள்ளிக் கதவை மூடினான். 'டக்'.

"லாக் நல்லாத்தான் இருக்கு. கைப்பிடிதான் கதவை மூட விடல." சார் முழங்காலைத் தடவிக்கொண்டார். மேடம் சாரைப் பார்த்த பார்வையில் எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஃபராய் ஸ்டார்ட்டை அழுத்தினான். அசையவில்லை. பலகையில் ஒரு மூலையில் சாவிப் படம் சின்னதாக எரிவதைக் காட்டினான். "சைல்ட் லாக் மேடம். குழந்தைங்க தொட்டு ஓடவிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. யாரோ பொத்தானை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சிருக்காங்க."

"ஒராட்டிலேவா?"

"நீதான்," என்றார் சார், கிடைத்த வாய்ப்பை விடாமல். "ஞாயித்துக்கிழமை நீ அதைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிச்ச."

அவன் அதே பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தான். சாவி அணைந்தது. பிறகு சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்தான், அது திறந்திருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தான், தண்ணீர் வரும் ரப்பர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவினான். வெளியே வந்து ஸ்டார்ட் போட்டான். மெஷின் உறுமியது, கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷம் நின்று கேட்டான். தண்ணீர் சுழன்று சுழன்று அடித்தது.

"மெஷினுக்கு ஒரு நோயும் இல்ல மேடம். நூறு வயசு வாழும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். போயிற்று அறை என்று ஒருபக்கம், மாட்டிக்கொள்ளவில்லை என்று ஒருபக்கம். அப்போது மேடம் போனை எடுத்தார்.

"அப்போ இது என்ன? முதல்ல இதுதான் வந்துச்சு. சாவி எல்லாம் அப்புறம்தான்."

ஃபராய் படத்தைப் பார்த்தான். "இது தண்ணி வரலைன்னு சொல்ற படம் மேடம். மெஷின் ஸ்டார்ட் ஆகி, தண்ணிக்குக் காத்திருந்து, வரலைன்னதும் நின்னிருக்கு. குழாய் மூடியிருந்தா இப்படித்தான் காட்டும்." நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னான். "இப்போ திறந்திருக்கு. நீங்களே பாத்துத் திறந்துட்டீங்க போல."

"லெசெகோ, நீ திறந்தியா?"

"குழாய் எங்க இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. ஃபராய்தான் முதலில் பார்த்தான். நான் சட்டியைக் கீழே வைக்காமல் சிங்க்குக்குக் கீழே இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும், உடனே வார்த்தையை மாற்றினான்.

"இல்லன்னா அன்னிக்கு வேகம் கம்மியா இருந்திருக்கும் மேடம். தண்ணி நின்னு வந்தா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். எத்தனை வீட்ல பாத்துட்டேன்."

"அன்னிக்கு சிங்க்ல தண்ணி கொட்டிச்சு. நானே பாத்தேன்." மேடம் மெதுவாகத் திரும்பினார். "அவுசி?"

தெரியாது என்று தலையை ஆட்டியிருந்தால் ஒருவேளை அப்படியே போயிருக்கும். ஆனால் எட்டு நாள் பொய்யைச் சுமந்து நான் ஓய்ந்துபோயிருந்தேன்.

"நான்தான் மேடம். தண்ணி நிக்கப் போகுதுன்னு வெள்ளிக்கிழமை மூடினேன். மண்ணு போயிடக் கூடாதேன்னு. குழந்தை விழுந்ததுல திறக்க மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

"சரி. எப்போ திறந்தீங்க?"

"இன்னிக்குக் காலைல."

"எப்போ ஞாபகம் வந்துச்சு?"

மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது. "போன வாரம் திங்கட்கிழமை," என்றேன்.

ஃபராய் பையை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் வாசலுக்குப் போய் ஷூவை மாட்டினான். அவனுக்கு மேடம் நன்றிகூடச் சொல்லவில்லை.

"எட்டு நாள்," என்றார் மேடம். குரல் உயரவில்லை. "நான் கடைக்காரங்களோட கத்தினேன். இன்னிக்கு லீவு போட்டேன். நீங்க தினமும் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க. ஏன் அவுசி?"

"மோசிமாவுக்குப் பரீட்சை மேடம். நவம்பர் வரைக்கும் அந்த ரூம் வேணும்."

அவர் முகம் சுருங்கியது. அடி வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"அதை நீங்க கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

இப்போது சொல்வது சுலபம் என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் கோபத்தில் அப்படித்தான் நினைக்கிறேன். மற்ற நாட்களில், அவர் கொடுத்திருப்பார் என்று தெரிகிறது. எது உண்மையாக இருந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

"இப்பக் கேக்கிறேன் மேடம். என்னை அனுப்பிடுங்க. பிள்ளை மட்டும் இருக்கட்டும்."

அவர் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். "என் குழந்தையை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன் அவுசி," என்றார் மேடம். "இனிமே ஒவ்வொரு பொருள் கெட்டாலும் நான் உங்க முகத்தைப் பாப்பேன். என்னால முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க. சமையலறைச் சாவியை மட்டும் இப்பவே வெச்சிட்டுப் போங்க."

சாவியைக் கொத்திலிருந்து கழற்ற நேரம் பிடித்தது. ஒன்பது வருஷமாக அங்கேயே இருந்து வளையம் துருப்பிடித்திருந்தது. மேசையில் வைத்தேன். சட்டி இன்னும் என் இடுப்பில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிங்க்கில் வைத்துக் கழுவினேன். யாரும் தடுக்கவில்லை.

மத்தியானம் மோசிமா வந்தபோது போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி அரிசிப் பையில் போட்டாள்.

"டெம்பிசால இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"நாலு."

"ம்." கணக்குப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நான் மேடம்கிட்ட கேட்டிருப்பேனேம்மா. என்னை அனுப்பியிருக்கலாம்ல?"

அந்த வீட்டு சமையலறையில் மெஷின் ஓடி முடித்து 'பீப்' அடித்தது. பழக்கதோஷம், பாத்திரம் எடுத்து வைக்க எழுந்தேன். பின்வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே தாழ் போட்டிருந்தது.